போன் ஸ்பீக்கரில் வராத பேஸ் நம் காதில் மட்டும் எப்படிக் கேட்கிறது?

கேள்வி: மனிதக் காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று படித்திருக்கிறேன். என் இயர்பட்ஸ் பெட்டியிலும் அதே 20–20,000 என்றுதான் போட்டிருக்கிறது. போன் ஸ்பீக்கரில் பேஸ் சுத்தமாக வராது என்கிறார்கள். ஆனால் போனில் பாட்டுப் போட்டாலும் பேஸ் கிட்டார் என்ன வாசிக்கிறது என்று எனக்குப் புரிகிறதே, அது எப்படி? போன் ஸ்பீக்கரை விடச் சின்னதாக இருக்கும் இயர்பட்ஸில் மட்டும் பேஸ் எப்படி வருகிறது?

முதலில் அந்தப் பெட்டியை ஓரமாக வைத்துவிடலாம். 20–20,000 என்ற வெறும் எண்ணுக்கு அர்த்தம் எதுவும் கிடையாது. 20 ஹெர்ட்ஸில் சத்தம் எவ்வளவு குறைந்து வருகிறது என்று சேர்த்துச் சொன்னால்தான் அது ஒரு அளவு. ஐம்பது டெசிபெல் குறைந்து வந்தாலும் "வருகிறது" என்று போட்டுக்கொள்ளலாம், யாரும் கேட்கப் போவதில்லை.

இன்னொன்று, 20 முதல் 20,000 வரை என்று கேட்டதும் நடுப்புள்ளி 10,000 என்று மனசு கணக்குப் போடும். காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. அதிர்வெண் இரண்டு மடங்கானால் காதுக்கு ஒரு ஸ்தாயி ஏறியதாகக் கேட்கும். 20-இலிருந்து 40 ஒரு ஸ்தாயி, 40-இலிருந்து 80 இன்னொன்று. இப்படி ஏறிப் போனால் மொத்தம் பத்து ஸ்தாயிகள் வரும். இதில் 10,000 முதல் 20,000 வரை உள்ள அவ்வளவு பெரிய எண்வெளி ஒரே ஒரு ஸ்தாயிதான். 20 முதல் 320 வரை உள்ள சின்ன இடத்தில் நான்கு ஸ்தாயிகள் அடங்கியிருக்கின்றன. போன் ஸ்பீக்கர் கோட்டைவிடுவது அந்த நான்கில்தான். அதனால் பதில் முழுக்கக் கீழ்ப்பக்கத்தைப் பற்றியே பேசுகிறேன், மேல்பக்கத்துக்குக் கடைசியில் கொஞ்சம் இடம் போதும்.

காதே கீழ்ப்பக்கத்தில் மந்தமானது. எல்லா அதிர்வெண்களையும் அது ஒரே மாதிரி கேட்பதில்லை என்பதை 1933-இல் ஃப்ளெட்சர், முன்சன் என்ற இருவர் அளந்து வரைபடமாக வெளியிட்டார்கள். இப்போது அதன் திருத்தப்பட்ட வடிவம் ISO 226 என்ற பெயரில் சர்வதேசத் தரமாக இருக்கிறது. அதன்படி, நல்ல காது உள்ள இளைஞர் 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை ஏறத்தாழ 2 டெசிபெல்லிலேயே கண்டுபிடித்துவிடுவார். 40 ஹெர்ட்ஸ் ஒலி அவர் காதில் படவே 50 டெசிபெல் வேண்டும். 20 ஹெர்ட்ஸ் என்றால் 78 டெசிபெல். டெசிபெல் கணக்கில் ஒவ்வொரு 20-க்கும் காற்றழுத்தம் பத்து மடங்காகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் பார்க்க வேண்டும். 20 ஹெர்ட்ஸ் கேட்கும் என்பது உண்மைதான், ஆனால் அதற்கு 1,000 ஹெர்ட்ஸை விடப் பல ஆயிரம் மடங்கு அழுத்தம் தேவை.

அதே வரைபடத்திலிருந்து இன்னொரு புள்ளியை எடுத்துக்கொள்வோம், அடுத்து வரும் கணக்குக்கு அது வேண்டும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபெல்லில், அதாவது அமைதியான அறையில் மெல்லக் கேட்கும் அளவில் இருக்கிறது என்று வையுங்கள். அதே உரப்போடு 41 ஹெர்ட்ஸ் ஒலியும் கேட்க வேண்டுமானால் அதை 82 டெசிபெல்லில் கொடுக்க வேண்டும். 41 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தியை வெறுமனே மீட்டினால் வரும் ஸ்வரம் அது. உங்கள் கேள்வியும் பேஸ் கிட்டாரைப் பற்றித்தானே.

இப்போது போன் ஸ்பீக்கருக்கு வருவோம். போனின் அடிப்பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கரைப் பிரித்துப் பார்த்தால் 11 மில்லிமீட்டருக்கு 15 மில்லிமீட்டர் மாதிரி ஒரு செவ்வகச் சவ்வு இருக்கும். காற்றைத் தள்ளும் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பக்கம். அந்தச் சவ்வு நடுநிலையிலிருந்து முன்னும் பின்னும் தாராளமாகப் பார்த்தால் அரை மில்லிமீட்டர் நகரும். அதற்கு மேல் போனால் எங்காவது இடிக்கும், இல்லையென்றால் கிழியும். ஆக ஒரு தள்ளலில் அது நகர்த்தும் காற்று 0.05 கன சென்டிமீட்டர். நிறுவனம் எதுவானாலும், ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு நல்லதானாலும் இந்த அளவைத் தாண்ட முடியாது.

திறந்தவெளியில் சின்னப் பரப்பு ஒன்று மெதுவாக அசைந்தால் காற்று நெருக்கப்படுவதில்லை, பக்கவாட்டில் விலகிப் போய்விடுகிறது. எவ்வளவு வேகமாக முன்னும் பின்னும் திரும்புகிறதோ அவ்வளவுக்குத்தான் அழுத்த அலை தூரம் போகும். கணக்காகச் சொன்னால், அதிர்வெண் பாதியாகக் குறையும்போது அதே சத்தத்தைத் தர நான்கு மடங்கு காற்றை நகர்த்த வேண்டும். பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் நூறு மடங்கு.

நம் சவ்வு அரை மில்லிமீட்டர் முழுசாக அசைகிறது, நீங்கள் போனை 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்திருக்கிறீர்கள் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 1,000 ஹெர்ட்ஸில் சுமார் 87 டெசிபெல் கிடைக்கும். அறையே நிறையும் சத்தம். 100 ஹெர்ட்ஸில் 47 டெசிபெல், காது கொடுத்துக் கேட்டால் உண்டு. 41 ஹெர்ட்ஸில் 31 டெசிபெல்தான் மிஞ்சுகிறது. அந்த ஸ்வரம் காதில் பட வேண்டிய குறைந்தபட்ச அளவே 50 என்று பார்த்தோம். அதாவது உங்கள் போன் தன் சக்தி முழுவதையும் போட்டுத் தள்ளினாலும் அந்த ஒலி கேட்கும் எல்லைக்கு 20 டெசிபெல் கீழே நின்றுவிடுகிறது. கொஞ்சம் கேட்கிறது, சரியாகக் கேட்கவில்லை என்றெல்லாம் இல்லை. இல்லவே இல்லை.

அதை முன்னே சொன்ன 82 டெசிபெல்லுக்குக் கொண்டுவர என்ன வேண்டும்? அந்த ஒரு சதுர சென்டிமீட்டர் சவ்வு முன்னும் பின்னும் 17 சென்டிமீட்டர் போய்வர வேண்டும். போனின் நீளத்துக்கு மேல். ஆறரை அங்குல வூஃபர் ஒன்றுக்கு அதே வேலை ஒன்றேகால் மில்லிமீட்டர் அசைவில் முடிந்துவிடும், ஏனென்றால் அதன் பரப்பு நூறு மடங்குக்கு மேல் பெரியது. பேஸுக்குப் பெரிய ஸ்பீக்கர் வேண்டும் என்று சொல்வது இந்தக் காற்றின் கனஅளவுக்காகத்தான்.

நடைமுறையில் நிலைமை இன்னும் கொஞ்சம் மோசம். சவ்வுக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் ஒரு கன சென்டிமீட்டர் அளவுக்குத்தான் காற்று இருக்கிறது, அது ஸ்பிரிங் மாதிரி சவ்வை எதிர்த்துத் தள்ளுகிறது. அதனால் இந்த ஸ்பீக்கர்களின் இயல்பான அதிர்வு பெரும்பாலும் 700 முதல் 1,000 ஹெர்ட்ஸில் போய் நிற்கிறது. அதற்குக் கீழே ஒவ்வொரு ஸ்தாயிக்கும் 12 டெசிபெல் சரிவு. இப்போதைய போன்களில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் சும்மா சத்தத்தைப் பெருக்குவதோடு நிற்பதில்லை. ஸ்பீக்கர் சுருளில் ஓடும் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் அளந்து, சுருள் எவ்வளவு சூடாகியிருக்கும், சவ்வு எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று ஊகித்து, எல்லையைத் தொடும் முன்பே கீழ் அதிர்வெண்களை வெட்டிவிடுகிறது. இதை நீங்களே கவனிக்கலாம். பாதி சத்தத்தில் ஓரளவு நிறைவாகக் கேட்கும் பாட்டு, முழுச் சத்தம் வைத்ததும் மெலிந்து, குரலும் தட்டல்களும் மட்டும் கத்துவதுபோல் ஆகிவிடும். ஸ்பீக்கர் பழுதாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம், அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

அப்புறம் அந்த பேஸ் கிட்டார் எப்படித்தான் புரிகிறது?

மீட்டிய தந்தி 41 ஹெர்ட்ஸ் மட்டும் ஒலிப்பதில்லை. அதன் இரண்டு மடங்கான 82, மூன்று மடங்கான 123, பிறகு 165, 206, 247, 288 என்று மடங்குகள் வரிசையாகச் சேர்ந்தே ஒலிக்கும். போன் ஸ்பீக்கர் முதல் சிலவற்றைத் தொலைத்துவிட்டு, 200-க்கு மேலே உள்ளவற்றைப் பலவீனமாகவும் 400, 500-க்கு மேலே உள்ளவற்றை நன்றாகவும் தருகிறது. இப்போது காதுக்கு வந்து சேர்வது 206, 247, 288, 330 மாதிரி ஒரு கூட்டம். அடுத்தடுத்த இரண்டுக்கும் நடுவே இடைவெளி எப்போதும் 41. இந்த ஒழுங்கைப் பார்த்ததும் கேட்கும் புலன், இவையெல்லாம் 41-இன் மடங்குகள் என்று முடிவுகட்டி, அந்த 41-இன் சுருதியையே உங்களுக்குக் கேட்க வைக்கிறது. வராத ஒலியின் சுருதி காதில் விழுகிறது.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1841-இல் ஆகஸ்ட் ஸீபெக் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் துளையிட்ட தட்டைச் சுழற்றிக் காற்றை ஊதும் சைரன் கருவியை வைத்துச் சோதித்தபோதே, அடிப்படை அதிர்வெண் மிகப் பலவீனமாக இருந்தும் அதன் சுருதி தெளிவாகக் கேட்பதைக் கவனித்தார். மின்சாரத்தில் நமக்குத் தெரிந்த அதே ஓம், அப்படி இருக்க முடியாது என்று அவரோடு சண்டை போட்டார். தொலைந்த ஒலியைக் காதின் உட்பகுதியே, வரும் அலையின் வடிவத்தைக் கொஞ்சம் சிதைக்கும் தன் திரிபால் மறுபடி உண்டாக்கிவிடுகிறது என்று பிறகு ரொம்ப நாள் நம்பினார்கள். 1954-இல் லிக்லைடர் என்ற அமெரிக்க உளவியலாளர் அதை ஒரு எளிய சோதனையால் மறுத்துக் காட்டினார். கீழ் அதிர்வெண் பகுதியில் மட்டும் இரைச்சலைப் போட்டு மூடினார். உண்மையில் காதுக்குள் அந்த ஒலி உண்டாகியிருந்தால் இரைச்சல் அதை விழுங்கியிருக்க வேண்டும். சுருதி அப்படியே கேட்டது. ஆக, மேல் மடங்குகளின் ஒழுங்கிலிருந்து சுருதியைக் கணக்கிட்டு எடுப்பது நரம்பு மண்டலத்தின் வேலை.

பழைய தொலைபேசி இதற்கு இன்னும் நல்ல உதாரணம். அதில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும். ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் 100, 120 என்ற அளவில்தான் இருக்கிறது, அதாவது கம்பிவழியே அது ஒருபோதும் போனதே இல்லை. ஆனால் எதிர்முனையில் பேசும் ஆண் குரலை யாரும் பெண் குரல் என்றோ குழந்தைக் குரல் என்றோ நினைத்ததில்லை.

இதற்கு எல்லை உண்டு, அந்த எல்லைதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி. இந்தக் கணக்கு நடக்க மடங்குகள் இருக்க வேண்டும், அதுவும் முதல் பத்து மடங்குகளுக்குள் சில வந்து சேர்ந்தால்தான் சுருதி தெளிவாக இருக்கும். பேஸ் கிட்டாரில் மடங்குகள் தாராளம், அதனால் மெட்டு பிழைத்துவிடுகிறது. கிக் டிரம் அப்படியில்லை. அதன் உடல் 50 முதல் 80 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது, அது தொலைந்துவிடும். கட்டை தோலில் படும் ஓசை 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது, அது மட்டும் வரும். போனில் டிரம் "டும்" என்று கேட்காமல் "டக்" என்று கேட்பது இதனால்தான். எல்லாவற்றையும் விட மோசமான கதி, மின்னணு இசையில் வரும் சுத்தமான ஆழ்ந்த பேஸுக்கு. 40, 50 ஹெர்ட்ஸில் மடங்குகளே இல்லாத மழமழவென்ற ஒலி அது. காருக்குள் கண்ணாடியை அதிர வைக்கும் அந்த ஸ்வரம் போனில் தடயம் இல்லாமல் மறைந்துவிடும், பாட்டின் நடுவில் ஏதோ வாத்தியத்தை எடுத்துவிட்டது போல் இருக்கும். இதைத் தெரிந்த ஒலிக்கலவைப் பொறியாளர்கள் அந்த பேஸில் வேண்டுமென்றே கொஞ்சம் திரிபைச் சேர்க்கிறார்கள். திரிபு என்றால் புதிய மடங்குகள். பெரிய ஸ்பீக்கரில் அது லேசான கரகரப்பாகத் தெரியும், போனிலோ அந்த மடங்குகளை வைத்துத்தான் காது பேஸைக் கட்டிக்கொள்ளும்.

போன் தயாரிப்பவர்களும் இதே வேலையைச் செய்கிறார்கள். பேஸ் பூஸ்ட் மாதிரி பெயர்களில் இருக்கும் சில வசதிகள் கீழ் ஒலியைப் பெருக்குவதில்லை. பெருக்கிப் பயனில்லை என்று மேலே கணக்குப் பார்த்தோம். 60 ஹெர்ட்ஸ் ஒலி வந்தால் அதைத் தூக்கிவிட்டு 180, 240, 300 என்று மடங்குகளைப் புதிதாகச் செய்து சேர்க்கின்றன. பேச்சுவாக்கில் ஏமாற்று வேலை என்று சொல்லலாம், ஆனால் வேலை செய்யும் ஏமாற்று. ஒன்றை மட்டும் எந்த வித்தையாலும் கொண்டுவர முடியாது. சுருதி கிடைக்கும், பேஸின் கனமும் நெஞ்சில் உணரும் அதிர்வும் கிடைக்காது.

நீங்களே சோதித்துப் பார்க்க, குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலி எழுப்பும் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்று போதும். அலை வடிவத்தை சைன் என்று வையுங்கள், மற்ற வடிவங்களில் மடங்குகள் கலந்திருக்கும். பாதி சத்தத்தில் 1,000 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து மெதுவாகக் கீழே இறக்குங்கள். 300-க்குக் கீழே போகும்போதே தேய ஆரம்பிக்கும், 100-க்குப் பக்கத்தில் பெரும்பாலான போன்களில் நிசப்தம். 41-இல் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தால் சில போன்களில் "கிர்ர்" என்று ஏதோ கேட்கும், உடனே 41 வந்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். சவ்வு எல்லையைத் தொட்டதால் உண்டான திரிபு அது, கேட்பது 123-உம் அதற்கு மேலே உள்ள மடங்குகளும். சுத்தமான 41 ஹெர்ட்ஸுக்கு ஓரமே இருக்காது, கரகரப்பே இருக்காது. கரகரப்பு கேட்டால் நீங்கள் கேட்பது 41 இல்லை. முழுச் சத்தத்தில் இந்தச் சோதனையை நீட்டிக்கொண்டே போகவும் வேண்டாம், சவ்வுக்கு நல்லதில்லை.

இப்போது அதே 41 ஹெர்ட்ஸை இயர்பட்ஸில் போடுங்கள். காதில் மாட்டும் முன் சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். ரப்பர் முனை சரியாக அடைத்திருந்தால் ஆழமாக, சீராக, கரகரப்பில்லாமல் கேட்கும். இன்னும் கீழே 30-க்குப் போனாலும் இருக்கும். ஆறு மில்லிமீட்டர் விட்டமுள்ள சவ்வு எப்படி இதைச் செய்கிறது?

அது திறந்தவெளியில் வேலை செய்யவில்லை என்பதுதான் முழு ரகசியமும். ரப்பர் முனைக்கும் செவிப்பறைக்கும் நடுவில் அடைபட்டிருப்பது ஒன்றரை கன சென்டிமீட்டர் அளவுக் காற்று. ஊசி போடும் சிரிஞ்சின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனைத் தள்ளினால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது இல்லையா, அப்படி. மெதுவாகத் தள்ளினாலும் ஏறும், வேகமாகத் தள்ளினாலும் அதே அளவுதான் ஏறும். காற்று விலகிப் போக இடமில்லை. அதனால் அதிர்வெண் பாதியானால் நான்கு மடங்கு என்ற அந்தக் கொடுமையான விதி இங்கே செல்லாது. 41 ஹெர்ட்ஸுக்கும் 400 ஹெர்ட்ஸுக்கும் ஒரே அசைவு போதும்.

எவ்வளவு அசைவு? அதே 82 டெசிபெல்லை எடுத்துக்கொண்டால், இயர்பட் சவ்வு ஒரு மைக்ரானில் ஏழில் ஒரு பங்கு அசைந்தால் போதும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. திறந்தவெளியில் போன் சவ்வுக்கு 17 சென்டிமீட்டர் கேட்ட அதே வேலை. 100 டெசிபெல்லுக்குத் தூக்கினாலும் ஒரு மைக்ரானைத்தான் எட்டும். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் வராது என்ற பேச்சே பாதிதான் உண்மை என்று தெரியும். சின்ன ஸ்பீக்கர் பெரிய இடத்தில் பேஸ் தராது. தனக்கேற்ற சின்ன இடத்தில் மூடி வைத்தால் 20 ஹெர்ட்ஸ் வரை தாராளமாகத் தரும்.

மூடி வைத்தால் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ரப்பர் முனைக்கும் காதுக்குழாய்த் தோலுக்கும் நடுவே தலைமுடி அளவு இடுக்கு இருந்தாலும் காற்று அதன் வழியே கசியும். மேல் அதிர்வெண்கள் கசிய நேரம் இல்லாமல் தப்பித்துவிடும், ஏனென்றால் அங்கே அழுத்தம் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திரும்புகிறது. கீழ் அதிர்வெண்களுக்கு நேரம் நிறைய இருக்கிறது, அவை முதலில் போகும். இடுக்கு பெரிதாகப் பெரிதாகச் சரிவு 50-இல் தொடங்குவது 100-இல், 200-இல் என்று மேலே ஏறும். ரப்பர் முனையே இல்லாமல் காது வாசலில் சும்மா தொங்கும் வகை இயர்பட்ஸில் பேஸ் மெலிந்திருப்பது இதனால்தான். அவற்றை வடிவமைப்பவர்கள் ஈக்வலைசரால் கீழே கூட்டிக் கொடுத்து ஓரளவு சரிக்கட்டுகிறார்கள், ஆனால் ஒவ்வொருவர் காதிலும் கசிவு வேறு வேறு என்பதால் ஒருவருக்கு நிறைவாகக் கேட்பது இன்னொருவருக்குச் சப்பென்று இருக்கும்.

கசிவைக் கண்டுபிடிப்பது சுலபம். 41 ஹெர்ட்ஸ் ஒலியோ பேஸ் நிறைந்த பாட்டோ ஓடும்போது விரலால் இயர்பட்டை லேசாக உள்நோக்கி அழுத்துங்கள். பேஸ் குபீரென்று கூடினால் இத்தனை நாள் கசிந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். பெட்டியில் வந்த அடுத்த அளவு முனையைப் போட்டுப் பாருங்கள். இடது காதுக்கும் வலது காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படுவது சகஜம், இரண்டுக்கும் ஒன்றே போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ரப்பர் நிற்கவே இல்லையென்றால் நுரை முனை பெரும்பாலும் நிற்கும். வாயை அகலத் திறந்து மூடும்போது பேஸ் போய்ப்போய் வந்தால், தாடை அசைவில் காதுக்குழாயின் வடிவம் மாறி இடுக்கு விழுகிறது என்று புரிந்துகொள்ளலாம். நாய்ஸ் கேன்சலிங் உள்ள பல இயர்பட்ஸில் உட்பக்கம் ஒரு மைக் இருக்கும். செயலியில் வரும் பொருத்தச் சோதனை அந்த மைக்கை வைத்துத்தான் நடக்கிறது. தெரிந்த ஒலியை விட்டுப் பார்த்து, கீழ் அதிர்வெண்கள் எதிர்பார்த்த அளவுக்கு உள்ளே தங்கவில்லை என்றால் முனையை மாற்றச் சொல்லும்.

இதைச் செய்து பார்க்கச் சொல்வது பேஸ் ரசனைக்காக மட்டும் இல்லை. கசிவு இருந்தால் பேஸும் போகும், வெளி இரைச்சலும் உள்ளே வரும், இரண்டுக்கும் சேர்த்து நாம் சத்தத்தைக் கூட்டுவோம். கூடுவது பேஸ் இல்லை, காதுக்கு மிகக் கூர்மையாகக் கேட்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் பகுதி. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த பாதுகாப்பு அளவு, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 89 டெசிபெல்லில் வாரம் ஐந்து மணி நேரம்தான். சரியான முனையை மாட்டியவர் சத்தத்தைக் குறைத்து வைத்தே நிறைவாகக் கேட்பார்.

சரி, மேல்பக்கம். அங்கே சின்னச் சவ்வுக்குச் சங்கடமே இல்லை. எடை குறைவு, வேகமாகத் திரும்பும், போன் ஸ்பீக்கர்கூட 10,000 ஹெர்ட்ஸைத் தாண்டிப் போகும். அங்கே முதலில் தோற்பது காதுதான். 20,000 என்பது சின்ன வயசுக் காதின் எல்லை. வயது ஏற ஏற அது இறங்கிக்கொண்டே வரும், நடுவயதில் 15,000-ஐ எட்டாதவர்கள் நிறைய. அந்தக் கடைசி ஸ்தாயியில் இசை ஸ்வரங்களின் அடிப்படை எதுவும் கிடையாது, ஜால்ரா போன்ற ஓசைகளின் மினுமினுப்பு மட்டும் உண்டு. பெட்டியில் 40,000 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் அது உங்கள் காதுக்காகப் போட்டதில்லை.

வாங்கும்போது எதைத்தான் பார்ப்பது என்றால், யாராவது அளந்து வெளியிட்ட அதிர்வெண் வரைபடம் கிடைத்தால் அதைப் பாருங்கள். எந்த அதிர்வெண்ணில் எத்தனை டெசிபெல் கூடுகிறது, குறைகிறது என்று அதில் தெரியும். படிக்கும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். இயர்பட்ஸை அளப்பது காதைப் போல வடிவமைத்த ஒரு உலோகக் கருவியில், அதில் முனை துளிக்கூடக் கசியாமல் பொருத்தப்பட்டிருக்கும். ஆகவே வரைபடத்தின் இடதுபக்கம் காட்டும் பேஸ், உங்கள் காதிலும் அப்படி அடைத்தால் மட்டும் கிடைக்கும் பேஸ். 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள மேடு பள்ளங்களையும் அப்படியே நம்ப வேண்டாம். அங்கே அலையின் நீளம் காதுக்குழாயின் நீளத்துக்குப் பக்கமாக வந்துவிடுவதால், இயர்பட்டை ஓரிரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளினாலே அந்த மேடுகள் இடம் மாறிவிடும்.